62 ரூபாய்க்கு விற்றது யார்?

காலை பத்தே முக்கால் மணி இருக்கும். நானும் என் நண்பரும் சேர்ந்து எழுதிய சின்ன நிரல் ஒன்று, ஒரு பங்கின் விலையை நொடிக்கு நொடி வாங்கி, அது ஏறுமுகமா இறங்குமுகமா என்று சொல்லிக்கொண்டிருந்தது. நல்லவேளை, இன்னும் பணம் போடவில்லை. வெறுமனே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அது “விற்றுவிடு” என்றது. திரையில் பங்கின் விலை 620 ரூபாய். ஐந்து நிமிடத்துக்கு முன்பும் 620தான். எதைப் பார்த்து விற்கச் சொல்கிறது என்று புரியாமல், வந்த விலைகளை எல்லாம் பதிந்து வைத்திருந்த கோப்பைத் திறந்தோம்.

```
10:42:17   620.05   vol 418233
10:42:18   620.00   vol 418301
10:42:19    62.00   vol 418301
10:42:20   620.10   vol 418377
```

மூன்றாவது வரிதான் திருடன். சந்தையிலிருந்து வரும் ஒவ்வொரு விலைத் தகவலையும் ‘டிக்’ என்பார்கள். இது ‘பேட் டிக்’, அதாவது நடக்காத வியாபாரத்தின் விலை. ஒரு நொடிதான் இருந்தது. அடுத்த நொடியே சரியான விலை வந்துவிட்டது. கண்ணால் பார்க்கிறவர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார். நிரல் கவனித்துவிட்டது, அதுவும் மறக்காமல்.

அந்த மறக்காத குணத்தில்தான் ஆபத்து இருக்கிறது. விலைப்போக்கைக் கணிக்கும் சிக்னல்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு நகரும் சராசரியை நம்பியே இருக்கின்றன. நாங்கள் வைத்திருந்தது இஎம்ஏ என்கிற வகை. ஒவ்வொரு புது விலை வரும்போதும் அது பழைய சராசரியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கும். 20 டிக்குக்கான சராசரி என்றால் இழுப்பின் அளவு 2/21, அதாவது சுமார் 9.5 சதவீதம். 620-க்கும் 62-க்கும் இடையே 558 ரூபாய் வித்தியாசம். அதில் 9.5 சதவீதம் என்றால் 53 ரூபாய். ஆக, ஒரே ஒரு தவறான வரி, சராசரியை 620-லிருந்து 567-க்கு இறக்கிவிட்டது. அதற்குப் பிறகு இருபது டிக்கும் ஒழுங்காக 620 என்றே வந்தாலும் சராசரி 613-க்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். உண்மையில் அந்தப் பங்கு ஒரு ரூபாய்கூட அசையவில்லை. நிரலின் மனதில் மட்டும் ஏழு ரூபாய்ப் பள்ளம் மிச்சம் இருக்கிறது. நிமிட கேண்டில் போடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். அந்த நிமிடத்தின் ‘லோ’ 62 என்று பதிவாகிவிடும், தானாக ஆறவே ஆறாது.

இப்படிப்பட்ட விலை எங்கிருந்து வருகிறது? பல ஃபீடுகளில் விலை ரூபாயாக வருவதில்லை, பைசாவில் முழு எண்ணாக வருகிறது. 62005 என்று வந்தால் நாம் 100-ஆல் வகுத்து 620.05 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கரன்சி பிரிவுக்கு வகுக்கும் எண்ணே வேறாக இருக்கும். இந்த இடத்தில் ஒரு இலக்கம் விழுந்தாலும் வகுத்தல் மாறினாலும் விலை பத்து மடங்கு, நூறு மடங்கு தள்ளிப்போகும். இது பழைய நோய். கணினித் திரைகளில் அந்நியச் செலாவணி விலைகளை மனிதர்கள் தட்டச்சு செய்து அனுப்பிய காலத்திலேயே, சூரிச் நகரத்தின் ஓல்சன் நிறுவன ஆய்வாளர்கள் அவற்றைச் சேகரித்துப் பிழைகளை இனம் பிரித்திருக்கிறார்கள். தசமத் தவறு அதில் ஒன்று. இன்னொன்று, லைன் வேலை செய்கிறதா என்று பார்க்க டீலர்கள் அனுப்பிய பொய் விலைகள். டெஸ்ட் டிக் என்று அதற்குப் பெயரே உண்டு.

நம் ஊர் ஃபீடுகளில் வேறு சில உண்டு. காலையில் முதல் வியாபாரம் நடப்பதற்கு முன் இணைந்தால் கடைசி விலை பூஜ்யம் என்றோ நேற்றைய விலை என்றோ வரலாம். நடுவில் இணைய இணைப்பு அறுந்து மீண்டும் சேர்ந்தால், முதலில் வருவது எப்போதோ நடந்த வியாபாரத்தின் விலையாக இருக்கலாம். அதிகம் கைமாறாத ஆப்ஷன் என்றால் அந்த விலைக்கு இரண்டு மணி நேரம் வயதாகியிருக்கும். புதுசு போலவே வந்து நிற்கும். கூடவே வரும் ‘கடைசி வியாபார நேரம்’ என்கிற புலத்தைப் பார்த்தால்தான் அதன் வயது தெரியும்.

இவற்றையெல்லாம் பிடிக்கக் கணக்கியல் எதுவும் தேவையில்லை. சந்தையின் விதிகளே போதும், முதல் சல்லடை அதுதான். அன்றைய எங்கள் பங்கின் முந்தைய நாள் முடிவு விலை 618 ரூபாய், பத்து சதவீத விலை எல்லை. அப்படியானால் 556.20-க்குக் கீழேயோ 679.80-க்கு மேலேயோ எக்ஸ்சேஞ்ச் ஆர்டரையே ஏற்காது. 62 என்பது நடக்கவே முடியாத விலை. இரண்டாவது சாட்சி அந்தப் பதிவிலேயே இருக்கிறது. கடைசி எண்ணைப் பாருங்கள். அது அன்று காலை முதல் கைமாறிய மொத்தப் பங்குகள். 620.00 வந்தபோதும் 418301, 62.00 வந்தபோதும் அதே 418301. ஒரு பங்குகூடக் கைமாறாமல் கடைசி விலை எப்படி மாறும்? வால்யூம் ஏறாமல் விலை மட்டும் மாறினால் அந்த டிக்கைச் சந்தேகமே படாமல் தூக்கிப் போடலாம். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதுதான் மிக மலிவானது, அதிகம் பேர் மறப்பதும் இதைத்தான்.

விதிகளை மீறாமல் வரும் விசித்திர விலைகள்தான் உண்மையான தலைவலி. அதே பங்கில் 620 என்று ஓடிக்கொண்டிருக்கும்போது 612 என்று ஒரு டிக் வருகிறது. எல்லைக்குள் இருக்கிறது. வால்யூமும் ஏறியிருக்கிறது. நம்புவதா, கூடாதா?

இங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பள்ளியில் படித்த திட்ட விலக்கம். சமீபத்திய பத்து விலைகளை எடு, சராசரி பார், திட்ட விலக்கம் பார், மூன்று மடங்குக்கு அப்பால் இருந்தால் தள்ளு. நாங்களும் முதலில் இதைத்தான் எழுதினோம். சோதித்துப் பார்க்க அந்த 62-ஐயே கொடுத்தோம். சத்தமே இல்லை. உள்ளே விட்டுவிட்டது!

காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஒன்பது விலைகள் 620, ஒன்று 62. சராசரி 564.20. திட்ட விலக்கம் சுமார் 176.50. மூன்று மடங்கு 529. அப்படியானால் 35 ரூபாய் வரை ‘சாதாரணம்’. 62 அதற்குள் வசதியாக உட்கார்ந்துகொண்டது. தவறான விலை, தன்னை அளக்கும் அளவுகோலையே இழுத்து நீட்டிவிட்டது. 62-க்குப் பதிலாக 62 பைசா என்று போட்டாலும் இதே கதிதான். பத்து எண்கள் இருக்கும் தொகுப்பில், அந்தப் பத்தில் ஒன்றான எந்த எண்ணும் சராசரியிலிருந்து 2.85 திட்ட விலக்கத்துக்கு மேல் தள்ளிப்போக முடியாது. அது கணிதம் போட்ட கூரை. சந்தேகப்படும் விலையையும் சேர்த்துப் பத்து டிக்கில் கணக்கிட்டு ‘மூன்று மடங்கு’ விதி வைத்தால், அந்த மணி எந்த நாளும் அடிக்காது. இப்படி ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் எத்தனையோ. அதை எழுதியவர்கள் காவலுக்கு ஆள் போட்டிருப்பதாக நிம்மதியாக இருக்கிறார்கள்.

மாற்று வழி இடைநிலை. விலைகளை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை எடுப்பது. வரிசையின் ஓரத்தில் நிற்பவர் 62 ஆனாலும் 6 ஆனாலும் நடுவில் நிற்பவர் மாறமாட்டார். பாதிக்கு மேற்பட்டவர்கள் கெட்டால்தான் இடைநிலை கெடும். விலைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கும் இதே தந்திரம்தான். ஒவ்வொரு விலையும் இடைநிலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, அந்தத் தூரங்களின் இடைநிலையை எடுப்பது. எம்ஏடி என்பார்கள். இந்த முறைக்கு ஹாம்பெல் ஃபில்டர் என்று பெயர்.

எங்கள் பங்கின் பதினொரு நல்ல டிக்குகளை வரிசைப்படுத்தினால் இப்படி இருந்தது: 619.80, 619.85, 619.85, 619.90, 619.90, 619.95, 620.00, 620.00, 620.05, 620.05, 620.10. நடுவில் 619.95. தூரங்களின் இடைநிலை 10 பைசா. அதைத் திட்ட விலக்கத்தோடு ஒப்பிடத்தக்க அளவாக மாற்ற 1.4826-ஆல் பெருக்குவது வழக்கம். பிறகு ஐந்து மடங்கு என்று வைத்தால் வரும் எல்லை 74 பைசா.

இது ரொம்பக் கறார். 620 ரூபாய்ப் பங்கு சாதாரணமாகவே ஒரு ரூபாய் துள்ளும். சந்தை அமைதியாக இருந்த பதினொரு டிக்கை வைத்து எல்லை போட்டால், முதல் நல்ல அசைவையே தவறு என்று தள்ளிவிடும். அமைதியான பங்கில் பதினொரு விலையும் ஒன்றாகவே இருந்தால் எம்ஏடி பூஜ்யம் ஆகிவிடும், ஐந்து பைசா நகர்ந்தாலே குற்றம். அதனால் எல்லைக்கு ஒரு தரை வேண்டும். நாங்கள் விலையில் 0.3 சதவீதம் என்று வைத்தோம். 620-க்கு அது ஒரு ரூபாய் 86 பைசா.

```python
m = median(good)
mad = median([abs(x - m) for x in good])
limit = max(5 * 1.4826 * mad, 0.003 * m)
suspect = abs(p - m) > limit
```

இந்த நான்கு வரியில் கவனிக்க வேண்டியது `good` என்ற பட்டியல். அதில் ஏற்கெனவே ஏற்கப்பட்ட விலைகள் மட்டுமே இருக்கும். இப்போது வந்த `p` அதில் கிடையாது. விசாரிக்கப்படுகிறவரையே நீதிபதி இருக்கையில் உட்கார வைக்கக்கூடாது.

ஆனால் இங்கேதான் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பழைய தரவை ஆராய்கிறவருக்கு ஒரு வசதி உண்டு: சந்தேகமான விலைக்கு முன்னாலும் பின்னாலும் பார்க்கலாம். 612 வந்த பிறகு மறுபடி 620 வந்ததா, 612-லேயே நின்றதா என்று தெரியும். ஓடும் ஃபீடில் பின்னால் என்பதே இல்லை. இப்போது வந்திருப்பதுதான் கடைசி. சரி, ஏற்கப்பட்ட பழைய விலைகளோடு மட்டும் ஒப்பிட்டுத் தள்ளிக்கொண்டே போனால் என்ன? நிறுவனத்தைப் பற்றி உண்மையான கெட்ட செய்தி வருகிறது, விலை 612-க்கு இறங்குகிறது, அங்கேயே வியாபாரம் நடக்கிறது. ஃபில்டரின் பட்டியலில் 620கள் மட்டும்தான். 612 தவறு. 611.80 தவறு. 610 தவறு. ஒன்றையும் ஏற்காததால் பட்டியல் புதுப்பிக்கப்படுவதில்லை. புதுப்பிக்கப்படாததால் ஒன்றையும் ஏற்பதில்லை. ஊரே கீழே போய்விட்டது, நம் நிரல் மட்டும் மொட்டைமாடியில் 620 என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. பேட் டிக் உள்ளே வருவதைவிட இது பயங்கரம். ஏனென்றால் சத்தமில்லாமல் நடக்கிறது.

அதனால் ஃபில்டருக்கு ‘சரி’, ‘தவறு’ என்ற இரண்டு பதில்கள் போதாது. ‘பொறு’ என்ற மூன்றாவது பதில் வேண்டும். இந்த வேலையின் சாரமே அந்த மூன்றாவது பதிலில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நடைமுறையில் அது இப்படி. சந்தை விதியையே மீறினால் ‘தவறு’, உடனே வெளியே. இடைநிலைக்கு அருகில் இருந்தால் ‘சரி’. விதிக்குள் இருந்தும் தூரமாக இருந்தால் திண்ணையில் உட்கார வை. அந்த நேரத்தில் சிக்னலைக் கணக்கிடாதே, புது ஆர்டர் போடாதே. அடுத்து வரும் விலை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டால், திண்ணையில் இருப்பது ஒற்றை விபத்து. சிக்னலுக்குள் விடாமல் பதிவேட்டில் மட்டும் குறித்துவை. அடுத்தடுத்து மூன்று வியாபாரங்கள் அதே புது இடத்தில் நடந்தால், ஊர்தான் நகர்ந்திருக்கிறது. பழைய பட்டியலைத் துடைத்துவிட்டு அந்த மூன்றிலிருந்து புதிதாக ஆரம்பி.

மூன்று ‘வியாபாரங்கள்’ என்று சொன்னேன், மூன்று ‘டிக்குகள்’ என்று சொல்லவில்லை. வாங்குவோர் விற்போர் கேட்கும் விலை மாறினாலும் ஃபீட் ஒரு டிக் அனுப்பும், அதில் கடைசி வியாபார விலை பழையதாகவே ஒட்டிக்கொண்டு வரும். 612 என்ற ஒரே வியாபாரம் நான்கு டிக்கில் நான்கு முறை வந்து, தனக்குத் தானே சாட்சி சொல்லிவிடும். நாங்கள் இதில் ஒருமுறை ஏமாந்தோம். வால்யூம் ஏறியிருந்தால்தான் அது புது சாட்சி.

உண்மையாகவே நடந்த, ஆனால் அர்த்தமில்லாத விலைக்கு நம் சந்தையில் ‘ஃப்ரீக் டிரேட்’ என்று பெயர் ஆகிவிட்டது. 2021 ஆகஸ்ட் 20 அன்று என்எஸ்இ-யில் நிஃப்டி 16,450 கால் ஆப்ஷன் ஒன்று நூற்றுச் சொச்ச ரூபாயிலிருந்து ஒரு தாவலில் 800 ரூபாயைத் தாண்டிவிட்டுக் கண நேரத்தில் திரும்பியது. வியாபாரம் நிஜம், பணம் கைமாறியது நிஜம். எதிரே போதிய ஆர்டர்கள் இல்லாத நேரத்தில் ‘என்ன விலையானாலும் வாங்கு’ என்கிற மார்க்கெட் ஆர்டர்கள் வந்தால், கிடைத்த விலையை எல்லாம் தின்றுகொண்டு மேலே ஏறிவிடும். அந்த ஆப்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்த எந்த ஃபில்டருக்கும் ஒரு நல்ல சாட்சி பக்கத்திலேயே இருந்தது: நிஃப்டி. குறியீட்டெண் அன்று 16,450-ஐ ஒட்டித்தான் இருந்தது. அந்த ஆப்ஷன் நியாயமாக 800 ரூபாய் பெற வேண்டுமென்றால் நிஃப்டி பல நூறு புள்ளிகள் எகிறியிருக்க வேண்டும். தாய் அசையாமல் பிள்ளை மட்டும் அவ்வளவு தூரம் போனால் ‘பொறு’ என்று சொல்ல வேறு காரணம் தேவையில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 27 முதல் ஆப்ஷன்களில் எஸ்எல்-எம் வகை ஸ்டாப்லாஸ் ஆர்டரையே என்எஸ்இ நிறுத்திவிட்டது. தூண்டு விலை தொட்டதும் மார்க்கெட் ஆர்டராக மாறி, கிடைத்த விலைக்கு முடிந்துபோகும் ஆர்டர் அது.

தாயே விழும் நாளும் உண்டு. 2012 அக்டோபர் 5 காலை பத்து மணிக்குச் சற்று முன்பு, மும்பை தரகு நிறுவனம் ஒன்றிலிருந்து 59 தவறான ஆர்டர்கள் என்எஸ்இ-க்குப் போயின. மதிப்பு 650 கோடி ரூபாய்க்கு மேல். முந்தைய நாள் 5,787.60-இல் முடிந்த நிஃப்டி, கண் மூடித் திறப்பதற்குள் 4,888.20-ஐத் தொட்டது. பதினைந்தரை சதவீதம். வியாபாரம் நிறுத்தப்பட்டு, சுமார் கால் மணி நேரம் கழித்து மீண்டும் தொடங்கியபோது சந்தை பழைய நிலைக்கு அருகே வந்துவிட்டது. இங்கே எங்கள் ‘மூன்று வியாபாரம்’ விதி ஏமாந்துபோயிருக்கும். கீழ் விலைகளில் மூன்றல்ல, ஏராளமான வியாபாரங்கள் நடந்தன. அத்தனையும் புதுசு, அத்தனையிலும் வால்யூம். அன்று கை கொடுத்திருக்கக்கூடிய சாட்சி பிஎஸ்இ. அதே பங்குகள் அங்கேயும் கைமாறிக்கொண்டிருந்தன, அங்கே அப்படி ஒரு வீழ்ச்சி இல்லை. ஒரே பங்குக்கு இரண்டு சந்தைகளில் பெரிய விலை வித்தியாசம் தெரிந்தால் விலைகள் ஒத்துப்போகும்வரை திண்ணையை விட்டு எழுப்பக்கூடாது.

பொறுப்பதற்கு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சுறுசுறுப்பான பங்கில் மூன்று வியாபாரம் என்பது ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். மந்தமான ஆப்ஷனில் மூன்று வியாபாரத்துக்குக் கால் மணி நேரம் ஆகலாம். அங்கே வாங்குவோர், விற்போர் விலைகளின் நடுப்புள்ளியைப் பார்ப்பதுதான் வழி. இன்னொன்று: ஸ்டாப்லாஸை இந்த ஃபில்டருக்குப் பின்னால் வைக்கக்கூடாது. உண்மையான வீழ்ச்சி வரும்போது, நம் நிரல் “இது நிஜம்தானா” என்று யோசித்துக்கொண்டிருக்கும், விலை போய்க்கொண்டே இருக்கும். ஸ்டாப்லாஸ் லிமிட் விலையோடு எக்ஸ்சேஞ்சிலேயே ஆர்டராக இருக்கட்டும். ஃபில்டர் உள்ளே நுழைவதைத் தீர்மானிக்கட்டும், வெளியேறும் கதவைப் பூட்டாமல் இருக்கட்டும். லிமிட்டையும் தாண்டி விலை பறந்தால் அந்த ஆர்டரும் நிறைவேறாமல் போகலாம் என்பது வேறு விஷயம்.

‘விதியை மீறினால் உடனே வெளியே’ என்றேன் அல்லவா? அந்த விதிகளை எழுதும்போதும் நிதானம் வேண்டும். எங்கள் முதல் நிரலில் முதல் வரியே, விலை பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்தால் தூக்கிப் போடு என்பதுதான். பங்குக்கு அது சரி. ஆனால் 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் டபிள்யூடிஐ கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயைச் சேமிக்க இடமில்லை, எடுத்துக்கொண்டு போக ஆளுக்குப் பணம் கொடுத்தார்கள். அதையொட்டி மும்பை எம்சிஎக்ஸ்-இல் ஏப்ரல் ஒப்பந்தம் மைனஸ் 2,884 ரூபாய்க்குத் தீர்க்கப்பட்டது. அது பேட் டிக் அல்ல, கட்ட வேண்டிய கடன். எக்ஸ்சேஞ்ச் எழுதி வைத்த விதி எது, நாமே ‘இப்படியெல்லாம் நடக்காது’ என்று நினைத்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்த்து, இரண்டாவது வகையை எல்லாம் ‘தவறு’ பட்டியலிலிருந்து எடுத்து ‘பொறு’ பட்டியலுக்கு மாற்றினோம்.

தள்ளிய டிக்குகளை அழிக்கக்கூடாது. நேரம், விலை, எந்தச் சோதனையில் விழுந்தது என்று தனிக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். மாலையில் அந்தக் கோப்பைப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. சாதாரண நாளில் ஒரு பங்குக்கு ஒன்றிரண்டு வரிகள் இருக்கும். பல நாட்களாக ஒன்றுமே இல்லை என்றால் சல்லடையில் ஓட்டை என்று அர்த்தம். அந்த மூன்று மடங்கு விதி வைத்திருந்த காலத்தில் கோப்பு எப்போதும் காலியாகவே இருந்தது, நாங்கள் ஃபீட் சுத்தமாக வருகிறது என்று நினைத்தோம். மாறாக நூற்றுக்கணக்கில் வரிகள் இருந்தால், தவறு ஃபீடில் இருக்க வாய்ப்புக் குறைவு, நம்மிடம்தான்.

அப்படி ஒரு நாள் வந்தது. இரண்டு பங்காக மாறும் வகையில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் அறிவித்திருந்த ஒரு பங்கு. முந்தைய நாள் முடிவு 1,240 ரூபாய், அன்று காலை 620-இல் தொடங்கியது. நாங்கள் எக்ஸ்சேஞ்சின் புதிய விலை எல்லையை எடுக்காமல், 1,240-ஐ வைத்து நாங்களே பத்து சதவீதம் கணக்கிட்டிருந்தோம். அன்றைய ஒவ்வொரு டிக்கும் ‘நடக்க முடியாத விலை’ என்று வெளியே போயிருந்தது. எல்லையைச் சரிசெய்து ஓட்டினோம். இப்போது விலைகள் திண்ணையில் உட்கார்ந்து, மூன்றாவது வியாபாரத்தில் ஒழுங்காக உள்ளே வந்தன. உடனே இஎம்ஏ தலைகுப்புற விழுந்து, மறுபடியும் “விற்றுவிடு” என்றது. வந்த விலைகளில் ஒரு தவறும் இல்லை. நேற்றிலிருந்து நிரல் சுமந்து வந்த 1,240 என்ற ஞாபகம்தான் இன்றைய கணக்கில் பேட் டிக்காக நின்றது.

இப்போது தினமும் சந்தை தொடங்கும் முன், அன்று எக்ஸ்-டேட் வரும் பங்குகளின் பட்டியலை எடுத்து, சேமித்து வைத்த சராசரிகளையும் பழைய விலைகளையும் அந்த விகிதத்தால் வகுத்துவிட்டுத்தான் ஃபீடைத் திறக்கிறோம்.